எட்டாம் வகுப்புப் பின்சுவர்: ஓவிய இயக்கங்களின் 24 அடிக் காலக்கோடு

அடுத்த வருஷம் இந்தச் சுவரைப் பார்த்துக்கொள்ளப் போகிற ஆசிரியருக்கும், கார்டு எழுதப் போகிற பிள்ளைகளுக்கும்.

முதலில் அளவு. சுவர் 24 அடி. 1 அடிக்கு 25 வருஷம். இடது மூலை 1400, வலது மூலை 2000. இந்தக் கணக்கை மட்டும் மாற்றாதீர்கள். கார்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதே என்று சம இடைவெளியில் பரப்பத் தோன்றும், போன வருஷம் நானே அப்படித்தான் செய்தேன், அழகாகவும் இருந்தது, ஆனால் மறுமலர்ச்சிக்கும் பரோக்குக்கும் நடுவே உள்ள நூறு வருஷமும் டாடாவுக்கும் சர்ரியலிசத்துக்கும் நடுவே உள்ள எட்டு வருஷமும் பிள்ளைகளுக்கு ஒன்றாகிப்போனது. இப்போது 19 அடியிலிருந்து 23 அடிக்குள் கார்டுகள் காலை நேரக் கோத்தகிரி பஸ் மாதிரி நெருக்கியடித்துத் தொங்குகின்றன. தொங்கட்டும்.

1400-க்கு முந்தியவை வகுப்புக்கு வெளியே. சித்தன்னவாசல், 9-ஆம் நூற்றாண்டு: கதவிலிருந்து 22 அடி, வராண்டா தூண். அஜந்தாவில் 5-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்: 38 அடி, தண்ணீர்க் குழாய் பக்கம். பிரான்ஸின் லாஸ்கோ குகை ஓவியம், சுமார் 17,000 ஆண்டுக்கு முந்தியது: 650 அடிக்கு மேல் போகிறது. டேப் பிடித்துக்கொண்டு இறங்கிய பிள்ளைகள் கேட்டைத் தாண்டி டீக்கடையில் போய் நின்றார்கள். அண்ணன் பிஸ்கட் ஜாடிக்கு மேலே அந்தக் கார்டை மாட்டிக்கொண்டு, "இது நம்ம காட்டெருமையா?" என்று கேட்டாராம். இல்லை அண்ணா, அழிந்துபோன ஒரு காட்டு மாடு.

இனி சுவரில் இருக்க வேண்டிய கார்டுகள், அப்படியே எழுதுங்கள்:

4 அடி, 1503. மறுமலர்ச்சி. லியனார்டோ மோனாலிசாவைத் தொடங்குகிறார். தூரத்து மலை மங்கலாக, நீலமாகத் தெரிவதைக் கவனித்து வரைந்தவர்.

8 அடி, 1600. பரோக். கரவாஜியோ. இருட்டு அறை, ஒரு பக்கமிருந்து வெளிச்சம்.

17¼ அடி, சுமார் 1831. ஜப்பானின் ஹொகுசாய், பேரலை. மரக்கட்டை அச்சு. பிற்பாடு மோனேயும் வான்கோவும் இந்த மாதிரி அச்சுப் படங்களைச் சேர்த்து வைத்தார்கள்.

17½ அடி, 1839. புகைப்படம் அறிமுகம். பக்கத்திலேயே 1841: தகர டியூபில் எண்ணெய் வண்ணம்.

19 அடி, 1874. இம்ப்ரெஷனிசம். பாரிஸில் முதல் கண்காட்சி. மோனே வரைந்த பனிமூட்டத் துறைமுகத்தின் தலைப்பை வைத்து ஒரு விமர்சகர் கிண்டல் செய்தார், கிண்டலே பெயராகிவிட்டது.

20¼ அடி, 1905–1907. அபனீந்திரநாத் தாகூரின் பாரத மாதா. பிக்காசோ கியூபிசத்துக்கு வழி திறந்த படம். இரண்டும் ஒரே கிளிப்பில்.

20½ அடி, 1916. டாடா, சூரிச். உலகப்போர் நடுவே.

21 அடி, 1924. சர்ரியலிசம், கனவு.

21½ அடி, 1937. கெர்னிகா. குண்டு விழுந்த ஊரைப் பற்றி பிக்காசோ வரைந்த படம்.

22 அடி, 1947. பம்பாய் முற்போக்குக் கலைஞர்கள் குழு. அதே வருஷம் அமெரிக்காவில் பொல்லாக் துணியைத் தரையில் விரித்து வண்ணத்தைச் சொட்டவிடுகிறார்.

22½ அடி, 1962. பாப் கலை. வார்ஹோல், 32 சூப் டப்பா.

22½-ஐ ஒட்டி, 1966. சோழமண்டலம் ஓவியர் கிராமம், கே.சி.எஸ். பணிக்கர்.

டியூப் கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு இயக்கம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். வண்ணத்தை டியூபில் எடுத்துக்கொண்டு வெளியே போக முடிந்ததால்தான் மோனே மாதிரி ஆட்கள் வெட்டவெளியில் உட்கார்ந்து முழுப் படமும் வரைவது சுலபமானது. பனிமூட்டத்தை வரைவது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும்.

விட வேண்டியவை: ஓவியர்களின் முகப் படங்கள், பிறந்த இறந்த தேதிகள், வான்கோவின் காது. ரொக்கோகோவை நான் எடுத்துவிட்டேன், யாரும் தேடவில்லை. பெயர் மட்டும் தெரிந்து ஒரு படமும் காட்ட முடியாத இயக்கத்துக்குக் கார்டு கிடையாது. கார்டில் ஒரு படம், மூன்று வரி, அவ்வளவுதான்.

தோடர் பூத்தையல் ஏன் இல்லை என்று போன மாதம் ஒரு பெண் கேட்டாள், நியாயமான கேள்வி. அதற்கு ஒரு ஆண்டு குறித்து ஆணி அடிக்க முடியாது, அதனால் கயிற்றுக்குக் கீழே 24 அடிக்கும் சிவப்பும் கறுப்புமாய் ஒரு கம்பளி நூல் இழுத்துவிட்டோம். அவளே முடிச்சுப் போட்டாள். கரிக்கியூர் பாறை ஓவியத்தையும் ஆண்டு எழுதாமல் வாசல் பக்கம் தனியாக மாட்டுங்கள்.

அப்புறம், மைதா பசை வேண்டாம். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஊறி, கார்டின் பின்புறமெல்லாம் பூஞ்சை பூத்துவிடும். கயிறும் துணி கிளிப்பும் போதும்; கிளிப் 40 இருக்கிறது, பீரோவில் இரண்டாம் தட்டு.