சமையலறை ஈரமும் மர அலமாரியும்

அன்புள்ள கண்ணம்மா,

புது வீட்டு அலமாரியைத் திறந்தாலே பூஞ்சை வாடை வருகிறது என்று சொன்னாயே, அதற்கு வாசனைப் பொருள் எதுவும் வைக்காதே. வாடைதான் மறையும், ஈரம் அப்படியே இருக்கும்.

சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. முடித்த பிறகும் கால் மணி நேரம் மின்விசிறி ஓடட்டும். கழுவிய பாத்திரத்தை ஈரத்தோடு உள்ளே அடுக்காதே. நான் அப்படித்தான் அடுக்கி, ஒரு மழைக்காலத்தில் பின்பலகை முழுக்கச் சாம்பல் பச்சையாய்ப் பொடி பூத்துவிட்டது. விரல் வைத்தால் பலகை மெத்தென்று அமுங்கியது!

பூஞ்சை லேசாக இருந்தால், வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடை. உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு, கதவை அன்று முழுக்கத் திறந்தே வை. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதே, விஷவாயு வரும். எண்ணெய்ப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரே போதும்.

அப்புறம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் குழாய் இணைப்பைக் கையால் தடவிப் பார். பாதி ஈரம் அங்கிருந்துதான் வரும். அடித்தட்டில் விரித்த காகிதம் நமத்தால் மாற்றிவிடு.

மாப்பிள்ளையையும் துடைக்கச் சொல், உயரத் தட்டு அவருக்குத்தான் எட்டும்.

அன்புடன்,
சித்தி