ரேகையும் டி.என்.ஏ.வும்: சனிக்கிழமை உரைக்குப் பின் சில கேள்விகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சனிக்கிழமை மாலை மதுரையில், தடய அறிவியல் நிபுணராக கைரேகை, டி.என்.ஏ. சாட்சியம் பற்றி வழக்கறிஞர்களுக்காக நீங்கள் நடத்திய உரையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி நேரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மைக் என்னிடம் வரவே இல்லை. குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள் தரப்பில் ஆறு வருடமாக செஷன்ஸ் வழக்குகள் நடத்துகிறேன். கேட்க நினைத்ததை எழுதியே அனுப்புகிறேன். கேள்விகள் கொஞ்சம் கூர்மையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையின் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் கேட்கிறேன்.

"சரியாகச் செய்தால் ரேகை ஒப்பீட்டில் தவறே வராது" என்று சொன்னீர்கள். என் முதல் கேள்வி அந்த "சரியாகச் செய்தால்" பற்றித்தான். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு நடந்தது. வெடிப்பான்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை எஃப்.பி.ஐ. தன் கணினியில் தேடியது. தேடலில் வந்த 20 பேரில் ஒருவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநில வழக்கறிஞர். அவருடைய ரேகைதான் என்று எஃப்.பி.ஐ.யின் மூத்த நிபுணர்களே முடிவு செய்தார்கள். நீதிமன்றம் எதிரிக்காக நியமித்த தனி நிபுணரும் ஆமாம் என்றார். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் போலீஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தும் அவரைப் பிடித்து இரண்டு வாரம் காவலில் வைத்தார்கள். கடைசியில் அது அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவரின் ரேகை என்று ஸ்பெயின்தான் கண்டுபிடித்தது. இத்தனை பேரும் முறைப்படிதானே செய்தார்கள்? அப்படியானால் தவறு மனிதருடையது, முறையுடையது அல்ல என்று பிரித்துச் சொல்ல முடியுமா? ரேகையைப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் மனிதர் என்றால், அவரும் அந்த முறையின் ஒரு பகுதிதானே?

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி. ஏராளமான ரேகைகள் உள்ள ஒரு கணினித் தொகுப்பில் தேடினால், சம்பந்தமே இல்லாத ஆனால் மிக நெருக்கமான ஒரு ரேகை எங்காவது அகப்படத்தான் செய்யும். தொகுப்பு பெருகப் பெருக அந்த அபாயமும் கூடும். நம் மாநிலத்தில் சந்தேக நபர் இல்லாமல் தொகுப்பிலிருந்தே ஒரு பெயர் வந்த வழக்கிலும், ஏற்கெனவே பிடிபட்டவரின் ரேகையை ஒப்பிட்ட வழக்கிலும், அறிக்கையில் ஒரே வாசகம்தான் வருகிறதா? தேடலில் எத்தனையாவது இடத்தில் அந்தப் பெயர் வந்தது என்பதை நீதிமன்றத்துக்குச் சொல்வது வழக்கமா?

உங்கள் ஸ்லைடில் பிழை விகிதம் 0.1 சதவீதம் என்று போட்டிருந்தீர்கள். அது 2011-ல் அமெரிக்காவில் 169 நிபுணர்களை வைத்து நடந்த ஆய்வில், பொருந்தாததைப் பொருந்துகிறது என்று சொன்ன தவறின் எண் என்று நினைக்கிறேன். அதே ஆய்வில், உண்மையில் பொருந்தும் ரேகைகளைப் பொருந்தாது என்று தள்ளிய தவறு 7.5 சதவீதம். அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை? ஒருவரைக் காப்பாற்றக்கூடிய ரேகை தள்ளப்படுவதும் எங்களுக்குப் பெரிய விஷயம். அந்த நிபுணர்களுக்குத் தாங்கள் சோதிக்கப்படுகிறோம் என்பதும் தெரிந்திருந்தது. அன்றாட வேலையின் நடுவே, தெரியாமல் ஒரு சோதனை ரேகையைக் கலந்துவிட்டுப் பார்க்கும் வழக்கம் நம் ஆய்வகங்களில் உண்டா? அப்படிப் பார்த்த எண் உங்களிடம் இருக்கிறதா? 2016-ல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, தவறான பொருத்தம் ஒன்றில் 306-ல் 1 வரைக்கும், இன்னொன்றில் 18-ல் 1 வரைக்கும் இருக்கலாம் என்று மேல் எல்லை கணக்கிட்டது. 0.1 சதவீதத்தோடு இவற்றையும் நடுவர் முன் வைப்பீர்களா?

ஒப்பீடு செய்பவருக்கு வழக்கின் கதை எவ்வளவு தெரியும் என்பதையும் கேட்க வேண்டும். எதிரி ஒப்புக்கொண்டார், பொருள் கைப்பற்றப்பட்டது என்ற விவரமெல்லாம் உள்ள கடிதத்தோடு ரேகையை அனுப்பினால், கண் எதைத் தேடும்? ஒரு ஆய்வில், ஐந்து நிபுணர்களிடம் அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை, இது அந்த மாட்ரிட் தவறு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். நான்கு பேர் முன்பு சொன்னதை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாவது நிபுணர் சரிபார்க்கும்போது முதல் நிபுணரின் முடிவு அவருக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அதைச் சரிபார்ப்பு என்று சொல்லலாமா?

டி.என்.ஏ.வுக்கு வருகிறேன். இந்தப் பொருத்தம் தற்செயலாக வர வாய்ப்பு பல கோடியில் ஒன்று என்று சொன்னபோது அரங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஆய்வகத்தில் மாதிரி மாறவும், கலக்கவும், பெயர் தப்பாக ஒட்டவும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று இருந்தால், அந்தக் கோடிக் கணக்கால் என்ன பயன்? சங்கிலியின் மெலிந்த கண்ணி அந்த ஆயிரம்தானே. உங்கள் அறிக்கைகளில் கோடி எண் மட்டும் ஏன் இருக்கிறது? ஆய்வகப் பிழையின் எண் ஏன் இல்லை?

அந்த எண்ணைக் கோர்ட்டில் நாங்கள் படிக்கும் விதமும் சரியில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் என் முன்னால் சொன்னார்: "பத்து லட்சத்தில் ஒன்று என்றால், இவர் நிரபராதி என்பதற்கு பத்து லட்சத்தில் ஒன்றுதான் வாய்ப்பு." நடுவர் குறித்துக்கொண்டார். நான் எதிர்த்துப் பேசியும் அதை விளக்க முடியவில்லை. தமிழ்நாட்டின் ஏழு கோடி பேரில் பத்து லட்சத்தில் ஒன்று என்றால் சுமார் எழுபது பேர் பொருந்துவார்கள். வேறு சாட்சியம் இல்லாவிட்டால் இவர் அந்த எழுபதில் ஒருவர், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1990-களிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டி, நிபுணர் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று வகுத்துவிட்டது. சாட்சிக் கூண்டில் நீங்கள் நிற்கும்போது அரசு வழக்கறிஞர் இப்படிச் சொன்னால், "அது நான் சொன்னதல்ல" என்று நீங்களாகவே திருத்துவீர்களா? அது நிபுணரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டுக்கு மேற்பட்டவர்களின் டி.என்.ஏ. கலந்திருந்தால் என்ன செய்வது என்பதை உரையில் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2013-ல் 108 ஆய்வகங்களுக்கு அப்படி ஒரு கலப்பு மாதிரியின் தரவை அனுப்பியது. அதில் இல்லவே இல்லாத ஒருவர் இருக்கலாம் என்று 74 ஆய்வகங்கள் சொன்னதாக நினைவு. நம் ஆய்வகங்களில் கலப்பு மாதிரிக்கு எழுதப்பட்ட விதிமுறை உண்டா? அதை எதிரி தரப்புக்குத் தருவீர்களா?

பொருந்தினால்கூட, அந்த டி.என்.ஏ. அங்கே எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. கலிஃபோர்னியாவில் 2012-ல் ஒரு கொலையில் இறந்தவரின் நகத்தில் ஒருவரின் டி.என்.ஏ. கிடைத்தது. கொலை நடந்த நேரத்தில் அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். முன்னதாக அவரைத் தூக்கிப் போன அதே மருத்துவ உதவியாளர்கள்தான் அந்தக் கொலை வீட்டுக்கும் போயிருந்தார்கள். அவர் ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

கடைசியாக நம் ஊருக்கே வருகிறேன். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனை பெற்றவரை விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகள் ஆய்வகம் போகும் வரை யார் கையில், எப்படி இருந்தன என்பதற்கு விளக்கம் இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் பதிவேடு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மாதிரி கைக்கு வரும்போது சீல் உடைந்திருக்கிறதா என்று உங்கள் ஆய்வகம் பார்க்கும், சரி. தேதிகள் 48 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் அதை அறிக்கையில் எழுதுகிறீர்களா? எதிரி தரப்பு கேட்டால் அந்த மாதிரியின் மூல வரைபடங்களைத் தருவீர்களா, அல்லது இரண்டு பக்க முடிவு மட்டும்தானா? என் தற்போதைய வழக்கு ஒன்றில் எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு பக்கம் மட்டுமே. குறுக்கு விசாரணை அடுத்த மாதம் வருகிறது. முடிந்தால் அதற்கு முன் பதில் எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர், மதுரை