கை கழுவியாச்சா? அப்படியே இதையும் பாருங்கள்

பெயர், போன் நம்பர் வேண்டாம். டிக் அடித்துக் கல்லா பக்கத்துத் தகரப் பெட்டியில் போடுங்கள். கடை மூடிய பிறகு நான் மட்டும்தான் திறப்பேன்; பரிமாறும் தம்பிகள் கண்ணில் படாது.

1. இன்று சாப்பிட்டது: டிபன் / மதியச் சாப்பாடு / இரவு பரோட்டா

2. உட்கார்ந்து எவ்வளவு நேரத்தில் இலைக்குச் சாப்பாடு வந்தது? 5 நிமிடத்துக்குள் / 10 நிமிடம் / அதற்கும் மேல்

3. இலையில் எதை மிச்சம் வைத்தீர்கள்? சாதம் / சாம்பார் / ரசம் / பொரியல் / கூட்டு / எதுவும் இல்லை
காரணம்: உப்பு / காரம் / ஆறிப்போயிருந்தது / அளவு அதிகம் / எனக்குப் பிடிக்காத காய்
(எச்சில் இலையைப் பார்த்து நானே ஊகிக்கிறேன், பாதி தப்பாகிறது. இதற்கு மட்டுமாவது பதில் சொல்லுங்கள்.)

4. போன மாதம் சாம்பார் பொடியை மாற்றினோம். முன்பு சாப்பிட்டவர்களுக்கு: பழசே நல்லது / புதுசு நல்லது / வித்தியாசம் தெரியவில்லை

5. இரண்டாம் முறை சாதம், குழம்பு: கேட்காமலே வந்தது / கேட்டதும் வந்தது / இரண்டு தடவை கூப்பிட்டேன் / தேவைப்படவில்லை

6. கை கழுவும் இடம்: சுத்தம் / சுமார் / மோசம்

7. சாப்பாடு 110 ரூபாய்: சரி / அதிகம்

8. இனி இங்கே வராமல் போனால், அது எதனால் இருக்கும்? பின்பக்கம் எழுதுங்கள். ‘நல்லா இருக்கு’ என்று எழுதினால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் மாஸ்டருக்குப் பிரயோஜனமில்லை.

பேனா கல்லாவில் கயிறு கட்டித் தொங்குகிறது.