கிருஷ்ணகிரி பழையபேட்டைத் தெரு விருந்து: சாப்பாட்டுக்கு முன் நான்கு வார்த்தை

எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இலை போட்டாயிற்று. களி ஆறினால் இறுகிவிடும், அதனால் நீட்டி முழக்க மாட்டேன்.

என் கையில் இருக்கிற இந்தப் பித்தளைத் தூக்கைப் பாருங்கள். மூடியில் என் மாமியார் பெயர் வெட்டியிருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கிப் போச்சு. நான் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து 35 வருஷம் ஆகிறது. அதற்கு முன்பிருந்தே இது வீடு வீடாகப் போய் வருகிறது.

தைப்பொங்கலன்று இதில் பாய் வீட்டுக்குப் பொங்கல் போகும். சாமிக்குப் படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதனால் என் மாமியார் படைப்பதற்கு முன்பே இதில் எடுத்து வைத்துவிடுவார். வந்த புதிதில் எனக்குத் திக்கென்றது. "சாமிக்கு முன்னாடி எடுக்கலாமா அத்தை?" என்று கேட்டேன். "அவங்க மனசு உறுத்தாம சாப்பிடணும்மா. சாமி கோவிச்சுக்காது" என்றார்.

ரம்ஜானுக்கு இதே தூக்கில் சேமியா பாயசம் வரும். எங்கள் வீட்டில் கறி சேர்ப்பதில்லை என்று, பாயுடைய அம்மா அதற்கென்று புதுக் கரண்டி ஒன்று வைத்திருந்தார். பிரியாணிக் கை படாமல் தனி அடுப்பில் காய்ச்சுவார். கிறிஸ்துமஸுக்கு டீச்சர் அக்கா வீட்டு அதிரசம். தூக்கு ஒருநாளும் வெறுமனே திரும்பியதில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

இந்த மாதிரி மேடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காட்டு வீர ஆஞ்சநேயர் கோயிலில் தேங்காய் கட்டி வேண்டிக்கொள்கிறவர்கள் இங்கே இருக்கிறோம். சையத் பாஷா மலை தர்காவுக்கு ஏறுகிறவர்கள் இருக்கிறீர்கள். தர்காவுக்குப் போவதே கூடாது என்கிறவர்களும் இருக்கிறீர்கள். எலத்தகிரியிலிருந்து வந்திருக்கும் சகோதரிகள் சிலுவையின் முன் மண்டியிடுகிறவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, உருது, கன்னடம், தமிழ் என்று பேச்சும் வேறு. செத்தால் சிலர் எரிக்கிறோம், சிலர் புதைக்கிறோம். இதெல்லாம் சின்ன விஷயமில்லை. நம்புகிறவருக்கு அது உயிர். அந்த உயிரை என் மாமியார் மதித்தார். அதனால்தான் முன்பே எடுத்து வைத்தார்.

மனஸ்தாபமும் இருந்திருக்கிறது, மறைக்க வேண்டாம். சில வருஷத்துக்கு முன் ஒலிபெருக்கிச் சத்தத்தில் தொடங்கிய வாக்குவாதத்தில் இந்தத் தெருவில் இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்தின. அதில் ஒன்று என் வீடு. அந்த ஒரு வருஷம் தூக்கு பரணில் கிடந்தது. என் கணவர் தவறிய அன்று விடியற்காலையில், பேசாமலிருந்த அந்த வீட்டிலிருந்துதான் முதலில் நாற்காலிகள் வந்தன, அப்புறம் டீ வந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தூக்கை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன்.

இன்றைக்குச் சமைத்தவர்களுக்கு என் நன்றி. மூன்று அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒன்றில் ஹலால் கோழிக் குழம்பு. ஒன்றில் கீரைக் கடைசலும் தட்டைப்பயறுக் குழம்பும். வெங்காயம் பூண்டு இல்லாமல் இன்னொன்று. சேட் அண்ணன் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அவருக்கு ஐந்தரைக்கே பரிமாறிவிட்டோம். சாப்பிட்டதும் வீட்டுக்குப் போகாமல், வாயில் ஒன்றும் போடாமல், நம்மோடு உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். மஃரிப் தொழுகை முடிந்து எல்லோரும் வரட்டும் என்று மற்றவர்கள் பசியோடு காத்திருந்தீர்கள். குழந்தைகள்கூட அடம் பிடிக்கவில்லை.

சரி, இப்போது ஒரு நிமிஷம் மௌனமாக இருப்போம். கை கூப்புகிறவர்கள் கூப்புங்கள், ஏந்துகிறவர்கள் ஏந்துங்கள், சிலுவை போடுகிறவர்கள் போடுங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத தம்பிகள் இந்தக் களிக்கான தானியத்தை விளைவித்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

...

மழை காலத்தில் பெய்யட்டும். மாந்தோப்பில் பூ உதிராமல் நிற்கட்டும், காய்க்குக் கட்டுப்படியாகிற விலை கிடைக்கட்டும். மாங்கூழ் ஆலையில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற நம் பெண்கள் பத்திரமாக வீடு திரும்பட்டும். ஓசூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் நல்லபடி போய் வரட்டும். படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர்களுக்கு வலி குறையட்டும். யார் வீட்டு அடுப்பும் அணையாமல் இருக்கட்டும். அவரவர் சாமி அவரவரைக் காக்கட்டும். பக்கத்து வீட்டையும் சேர்த்துக் காக்கட்டும்.

எல்லோர் கையிலும் மாம்பழச் சாறு இருக்கிறதா? சேட் அண்ணே, உங்கள் பங்கைப் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன், காலையில் குடியுங்கள். மற்றவர்கள் முதல் வாயைச் சேர்ந்து குடிப்போம்.

பாய், முதல் களி உருண்டையை நீங்கள் வையுங்கள். டீச்சர் அக்கா குழம்பு ஊற்றட்டும். பெரியவர்கள் இலையிலிருந்து தொடங்குங்கள்.