வேதியியல் ஆய்வகப் பயிற்சித் திட்டம் 2026-27: செலவு மதிப்பீடும் ஒப்புதல் வேண்டுகோளும்

நாள்: 20.04.2026
இடம்: ஈரோடு

அனுப்புநர்: வேதியியல் துறைத் தலைவர்
பெறுநர்: தாளாளர் அவர்கள்
வழி: முதல்வர் அவர்கள்

பொருள்: அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் ஆறு அமர்வுப் பயிற்சி நடத்த ரூ. 47,500 ஒதுக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் கல்வியாண்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆறு சனிக்கிழமைகளில் நம் ஆய்வகத்திலேயே ஒரு பயிற்சி நடத்த விரும்புகிறோம். கலந்துகொள்பவர்கள் 11 பேர்: வேதியியல் முதுகலை ஆசிரியர்கள் 3, ஆறு முதல் பத்து வரை அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் 6, ஆய்வக உதவியாளர்கள் 2. இதுவரை நம் துறைக்கென்று தனிப் பயிற்சி நடந்ததில்லை. வெளியே நடக்கும் பயிலரங்குகளுக்கு ஆண்டுக்கு ஒருவர் இருவர் போய் வருவதோடு சரி. அவற்றிலும் பெரும்பாலானவை கற்பித்தல் முறை பற்றியவை. பியூரெட்டைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்பவை அல்ல.

தேவை எங்கிருந்து வந்தது

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. அந்த முப்பதில் டைட்ரேஷனுக்கு 8, உப்புப் பகுப்பாய்வுக்கு 8. மாணவர்கள் இந்த இரண்டையும் நன்றாகச் செய்வதற்கு ஆசிரியரின் கை மட்டும் போதாது, கரைசல் சரியாக இருக்க வேண்டும். கரைசலைத் தயாரிப்பவர்கள் நம் உதவியாளர்கள். இருவரும் பொறுப்பானவர்கள், ஆனால் முறையாக யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முன்னால் இருந்தவர் செய்ததைப் பார்த்துச் செய்கிறார்கள். மோர் உப்பைக் கரைக்கும்போது நீர்த்த கந்தக அமிலம் சேர்க்காவிட்டால் கரைசல் மெல்ல மஞ்சளித்து வலுவிழந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு விதமான அளவீடுகள் வந்தன. மாணவர்கள் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

அடுத்தது, ஆறு முதல் பத்து வரை எடுக்கும் ஆறு பேரில் நால்வர் கொரோனா ஊரடங்கு நாட்களில் பட்டப்படிப்பு படித்தவர்கள். செய்முறைகளில் பாதியைத் திரையில்தான் பார்த்திருக்கிறார்கள். பாடம் நன்றாக நடத்துகிறார்கள், ஆய்வகம் என்றால் தயங்குகிறார்கள். அவர்கள் வகுப்புக்கு ஆய்வக நேரம் ஒதுக்கினாலும் பல நாள் அது கரும்பலகையிலேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, பாதுகாப்பு. ஆய்வக அலமாரியில் பாட்டில்கள் ஆங்கில அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. தேட வசதிதான். ஆனால் இந்த வரிசைப்படி பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் எரியக்கூடிய கரிமப் பொருள்களும் ஒரே தட்டில் வருகின்றன, அசிட்டிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஆக்சிஜனேற்றிகளை எரியக்கூடியவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு காலைப்பொழுது போதும். ஆகவே முதல் அமர்வே அதுதான்.

என்ன நடக்கும்

ஒவ்வொரு அமர்வும் காலை 9.30 முதல் 1.00 வரை. ஆறும் சேர்ந்து 21 மணி நேரம். ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சி முடிக்க வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. கேட்கிறது. அதில் பள்ளிக்குள்ளேயே நடத்திக்கொள்ள வேண்டிய பங்கில் இந்த மணிகளைச் சேர்க்கலாம்.

ஜூன் 13: அலமாரி ஒழுங்கு, லேபிள், அமிலம் கையாளுதல். ஜூன் 27: கரைசல் தயாரித்தல். உதவியாளர்கள் முன்னால் நின்று செய்வார்கள், ஆசிரியர்கள் துணை. ஜூலை 11: டைட்ரேஷன். ஜூலை 25: சொட்டு அளவில் உப்புப் பகுப்பாய்வு. ஆகஸ்ட் 8: முதலுதவியும் தீயணைப்பும். ஆகஸ்ட் 22: ஒவ்வொரு ஆசிரியரும் தம் வகுப்புக்கான ஒரு செய்முறையை மற்றவர்கள் முன் செய்துகாட்டுதல். ஏதாவது ஒரு சனிக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்பட்டால் அந்த அமர்வு அடுத்த வாரத்துக்குப் போகும்.

முதல் நான்கு அமர்வுகளை அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் நடத்த இசைந்திருக்கிறார். கோபியிலிருந்து வருகிறார். தீயணைப்பு நிலையத்தில் செயல்விளக்கத்துக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். கடைசி அமர்வை நாங்களே நடத்திக்கொள்வோம்.

செலவு மதிப்பீடு

| இனம் | கணக்கு | ரூபாய் |
|---|---|---|
| பயிற்றுநர் மதிப்பூதியம் | 4 × 2,500 | 10,000 |
| பயிற்றுநர் கார்ச் செலவு, போகவர | 4 × 1,200 | 4,800 |
| முதலுதவிப் பயிற்றுநர் | 1 அமர்வு | 1,500 |
| பியூரெட் 50 மி.லி. | 6 × 540 | 3,240 |
| பிப்பெட் 10 மி.லி. | 12 × 110 | 1,320 |
| அளவுக் குடுவை 250 மி.லி. | 6 × 260 | 1,560 |
| குழித்தட்டு | 12 × 95 | 1,140 |
| சொட்டு பாட்டில் 30 மி.லி. | 40 × 28 | 1,120 |
| வேதிப்பொருள்கள், காய்ச்சி வடித்த நீர் | மொத்தம் | 3,000 |
| பாதுகாப்புக் கண்ணாடி | 14 × 150 | 2,100 |
| கையுறை | 3 பெட்டி × 450 | 1,350 |
| ஆய்வகக் கோட் | 11 × 450 | 4,950 |
| கண் கழுவும் பாட்டில் | 2 × 400 | 800 |
| கையேடு அச்சு | 14 × 130 | 1,820 |
| தேநீர், சிற்றுண்டி | 6 × 13 பேர் × 30 | 2,340 |
| உதவியாளர்களுக்குச் சனிக்கிழமைப் படி | 2 × 6 × 350 | 4,200 |
| கூட்டுத்தொகை | | 45,240 |
| எதிர்பாராச் செலவு, சுமார் 5 சதவீதம் | | 2,260 |
| மொத்தம் | | 47,500 |

விலைகள் எல்லாம் வரி உட்பட. ஈரோட்டிலும் கோவையிலும் மூன்று விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்கினோம். பியூரெட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குறைந்த விலையை எடுத்திருக்கிறோம். விலை குறைந்த பியூரெட்டில் கண்ணாடித் திருகு. வாசலின் தடவாவிட்டால் இறுகிக்கொள்ளும், கசியும்; அதிகம் தடவினால் துளை அடைத்துக்கொள்ளும். 540 ரூபாய்க்கு வருவது டெஃப்லான் திருகு உள்ளது. நம்மிடம் இருக்கும் பழைய பியூரெட்டுகளில் கழித்துக்கட்டியவை எல்லாமே திருகால் போனவைதான்.

உதவியாளர்களின் படியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர்களுக்கு இந்தத் திட்டத்தில் தனிப் பணம் எதுவும் கேட்கவில்லை. பயிற்சி மணிகள் அவர்கள் கணக்கில் ஏறுகின்றன, அது போதும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உதவியாளர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. சனிக்கிழமைகளில் இருவரும் வெளி வேலைக்குப் போகிறவர்கள். படி இல்லாமல் வரச் சொன்னால் வருவார்கள், மறுக்க மாட்டார்கள். அதனாலேயே கேட்கிறோம். இந்த 4,200 ரூபாயை எந்தச் சூழலிலும் குறைக்க வேண்டாம்.

சில்வர் நைட்ரேட் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் எடையில் 63.5 சதவீதம் வெள்ளி. வெள்ளி விலை ஏறினால் இதுவும் ஏறும். இப்போது 25 கிராம் பாட்டில் 6,400 ரூபாய். பயிற்சிக்கு இரண்டு கிராம் போதும், கையிருப்பிலேயே அது இருக்கிறது. இரண்டு கிராமில் 2 சதவீதக் கரைசல் 100 மி.லி. கிடைக்கும். இப்போது மாணவர்கள் ஒரு சோதனைக்கு ஒரு மி.லி. ஊற்றுகிறார்கள், ஆக 100 சோதனை. குழித்தட்டில் இரண்டு சொட்டு விட்டாலே வெள்ளை வீழ்படிவு தெளிவாகத் தெரியும். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்று வைத்தால் அதே கரைசலில் 1,000 சோதனை செய்யலாம். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் சேர்த்து 160 மாணவர்கள், ஆளுக்கு எட்டு உப்பு என்றால் 1,280 சோதனை. பழைய முறையில் ஏறக்குறைய 26 கிராம், சொட்டு முறையில் மூன்று கிராமுக்கும் குறைவு. சிந்துவதையும் வீணாவதையும் சேர்த்து ஐந்து கிராம் என்றே கொள்வோம். ஆண்டுக்கு ஒரு பாட்டிலுக்கு மேல் தீர்வது நின்று, ஒரு பாட்டிலே சில ஆண்டுகள் வரும். இந்த மிச்சத்தை மதிப்பீட்டில் வரவாகக் காட்டவில்லை. மாணவர்கள் பழகி, ஓர் ஆண்டு ஓடி, இருப்புப் பதிவேட்டில் தெரிந்த பிறகு காட்டுவதுதான் முறை.

ஆய்வகத்தில் உள்ள இரண்டு தீயணைப்பான்களுக்கும் மறுநிரப்பல் தேதி கடந்துவிட்டது. அந்தச் செலவையும் இங்கே சேர்க்கவில்லை. அது கட்டடப் பராமரிப்பில் வர வேண்டியது. ஆனால் ஆகஸ்ட் 8 அமர்வுக்குள் நிரப்பி வைத்தால் உதவியாக இருக்கும், செயல்விளக்கத்தில் நம் கருவியையே பயன்படுத்தலாம்.

தொகை குறைந்தால்

முழுத் தொகைக்கு இடமில்லை என்றால் கோட்டையும் சொட்டு பாட்டிலையும் விட்டுவிடலாம். பழைய கோட்டுகளைத் துவைத்துப் போட்டுக்கொள்வோம், காலி மருந்து பாட்டில்களைக் கழுவி லேபிள் ஒட்டுவோம். அப்போது ரூ. 41,430 ஆகும். இதற்குக் கீழே போனால் அமர்வுகளைத்தான் குறைக்க வேண்டிவரும். கண்ணாடியையோ பயிற்றுநரையோ குறைத்து ஆறு அமர்வு நடத்துவதைவிட நான்கு அமர்வை ஒழுங்காக நடத்துவது மேல்.

அருகிலுள்ள சகோதயா பள்ளிகளின் ஆசிரியர்களைக் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாமே என்று முதல்வர் கேட்டார். நல்ல யோசனைதான், இந்த ஆண்டு வேண்டாம். ஆறு பியூரெட்டில் 11 பேரே நெருக்கம்.

பணம் தேவைப்படும் நேரம்

பொருள்கள் வாங்க ரூ. 20,580 மே 15-க்குள் தேவை. ஜூன் முதல் வாரத்தில் கடைகளில் பள்ளி ஆர்டர்கள் குவிந்துவிடும், பொருள் வரத் தாமதமாகும். மீதி ரூ. 26,920 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அமர்வு வாரியாக. மதிப்பூதியம் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகும். ரசீதுகளை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கணக்கரிடம் ஒப்படைப்போம்.

வாங்குவதில் கண்ணாடிக் கருவிகளும், கையுறை நீங்கலான பாதுகாப்புப் பொருள்களும் சேர்ந்து ரூ. 16,230 மதிப்புக்கு ஆய்வகத்தின் சொத்தாக இருப்புப் பதிவேட்டில் ஏறும். 2027-28-இல் இரண்டு அமர்வு மீள்பயிற்சி மட்டும் போதும். இன்றைய விலையில் அதற்குச் சுமார் ரூ. 14,000 ஆகும்.

பயன் தெரிவது எப்படி

ஜூன் 13 அன்று பயிற்சி தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டுடன் டைட்ரேஷன் செய்வார்கள். ஆகஸ்ட் 22 அன்று மறுபடியும் அதையே. அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவருகின்றனவா என்பதுதான் சோதனை. உதவியாளர்கள் இருவரும் 6.3 கிராம் படிக ஆக்சாலிக் அமிலத்தை எடைபோட்டு 0.05 மோலார் கரைசல் ஒரு லிட்டர் தயாரிப்பார்கள், அதன் வலுவைப் பயிற்றுநர் சரிபார்ப்பார். இரண்டு நாள் முடிவுகளையும் பெயர் இல்லாமல் தொகுத்து, செலவுக் கணக்குடன் செப்டம்பர் 15-க்குள் தங்களுக்குத் தருவோம். யாருடைய ஆண்டு மதிப்பீட்டிலும் இந்த எண்கள் சேராது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். தாங்களும் அதற்கு இசைய வேண்டும்.

மே 4-க்குள் ஒப்புதல் கிடைத்தால் அன்றே ஆர்டர் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேதியியல் துறைத் தலைவர்

இணைப்பு: விலைப்புள்ளிகள் 3, பயிற்றுநரின் இசைவுக் கடிதம், இருப்புப் பதிவேட்டின் நகல்