மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குறித்து விவரம் கேட்டு விண்ணப்பம்

மண்டபம்,
28.04.2025

அனுப்புநர்
சே. அந்தோணி, அ. ஆரோக்கியம்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: தடைக்கால நிவாரணம் ரூ.8,000 – வங்கிக் கணக்கு, தனி ரேஷன் கார்டு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. எங்களுக்குச் சொந்தப் படகு இல்லை. நானும் மூத்த மகனும் இன்னொருவர் படகில் பங்குக்குப் போகிறவர்கள்; என் மனைவி கருவாடு விற்கிறார். படகு போகாவிட்டால் பங்கும் இல்லை, கருவாட்டுக்கு மீனும் இல்லை.

எங்களுக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

முதலாவது வங்கிக் கணக்கு. மீனவர் நலவாரிய அட்டையில் பதிந்திருப்பது பழைய கணக்கு. அந்த வங்கி வேறொன்றோடு இணைந்தபின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறிவிட்டது. இதற்கிடையில் கேஸ் மானியத்துக்காக வேறொரு வங்கியில் திறந்த கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டது. ஆதார் வழியாகப் பணம் அனுப்பினால் கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். கணக்கு எண் வழியாக அனுப்பினால் பழைய எண்ணில் திரும்பிவிடும். இந்த ஆண்டு எந்த வழியில் வரவு வைக்கப்படுகிறது? புதிய பாஸ்புக் முதல் பக்க நகலை உங்களிடம் தந்தால் போதுமா, மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் மாற்ற வேண்டுமா?

இரண்டாவது, மகனின் குடும்பம். கல்யாணத்துக்குப் பின் எங்கள் ரேஷன் கார்டிலிருந்து பெயர் நீக்கி, ஜனவரியில் தனிக் கார்டு வாங்கினான். நிவாரணம் குடும்பத்துக்கு ஒன்று என்பதால், பழைய பட்டியலை வைத்தே கணக்கெடுத்தால் அவன் விடுபட்டுப் போவான். அவனுக்கும் நலவாரிய உறுப்பினர் அட்டை உண்டு. கணக்கெடுப்பு முடிந்திருந்தால் விடுபட்டோர் பட்டியலில் சேர்க்க எந்தத் தேதிக்குள், யாரிடம் மனு தர வேண்டும்?

மூன்றாவது சின்னக் கேள்விதான். சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் நான் ரூ.1,500 கட்டியிருக்கிறேன். அரசின் பங்கோடு வரும் ரூ.4,500 வேறு, இந்த ரூ.8,000 வேறு என்றுதான் புரிந்துகொண்டிருக்கிறோம். சரிதானா?

தடை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குஞ்சு மீனை அள்ளினால் அடுத்த வருஷம் வலையில் என்ன விழும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பணம் எப்போது வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மே மாதத்துக்குள் வந்தால் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆகும். அதற்குப் பிந்தினால் படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியாக வேண்டும். அது சீசன் முழுக்கப் பங்கில் கழிந்துகொண்டே இருக்கும், இடையில் வேறு படகுக்கும் மாற முடியாது.

எனவே பட்டியலில் எங்கள் இரு கார்டுகளும் உள்ளனவா என்று பார்த்து, எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். கைரேகை வைக்கவோ அசல் ஆவணம் காட்டவோ நேரில் வரச் சொன்னால் வருகிறோம்.

இப்படிக்கு,
சே. அந்தோணி
அ. ஆரோக்கியம்

இணைப்பு: இரு ரேஷன் கார்டுகள், ஆதார், நலவாரிய அட்டைகள், புதிய பாஸ்புக், சேமிப்புத் திட்ட ரசீது – நகல்கள்.