மருந்து நினைவூட்டும் செயலி: ‘எடுத்துவிட்டேன்’ பொத்தானை ஏன் பிரித்தோம்

என் பங்கு: பயனர் ஆய்வு முழுவதும். காலம்: 7 வாரம்.

நான் சேர்ந்தபோது செயலியின் பதிவுகள் பிரமாதமாக இருந்தன. அலாரம் அடித்த சில நொடிகளிலேயே பெரும்பாலோர் ‘எடுத்துவிட்டேன்’ என்று தட்டியிருந்தார்கள். அந்த வேகம்தான் எனக்கு உறுத்தியது. மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் எடுத்து விழுங்க அந்த நேரம் போதாதே! அணியோ இந்தப் பதிவுகளை வாராந்திர அறிக்கையாக்கிக் குடும்பத்தாருக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தது.

58 முதல் 79 வயது வரை 12 பேரைச் சந்தித்தேன். எல்லோரும் தினமும் மூன்று மருந்தாவது சாப்பிடுபவர்கள். அவர்களில் 5 பேர் செயலியை விட்டுவிட்டவர்கள், வேண்டுமென்றேதான் சேர்த்தேன். கூடவே, வீட்டில் மருந்து எடுத்துக்கொடுக்கும் 3 பேர். ஸ்மார்ட்ஃபோனே பழகாதவர்கள் இதில் இல்லை, அது இந்த ஆய்வின் குறை.

எல்லோரையும் வீட்டிலேயே பார்த்துப் பேசினேன். இப்போதும் பயன்படுத்தும் 7 பேர் 14 நாள் குறிப்பேடு எழுதினார்கள். முடிவில், அவர்கள் சம்மதத்தோடு, அட்டையில் மீதியிருந்த மாத்திரைகளை எண்ணினேன். 4 பேரிடம் செயலி சொன்னதைவிட அதிக மாத்திரை மிச்சமிருந்தது.

காரணம் ஒரு வீட்டில் கண்ணெதிரே நடந்தது. 71 வயது அம்மா ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அலாரம் அடித்தது. கண்ணாடி அடுத்த அறையில். ஃபோனைக் கை நீட்டி எடுத்து, பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். இருபது நிமிடம் கழித்து, “மாத்திரை போட்டீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“அய்யோ, இல்லியே! சத்தத்தை நிறுத்தத்தானே அமுக்கினேன்.”

அவர்மேல் தவறே இல்லை. திரையில் இருந்தவை ‘எடுத்துவிட்டேன்’, ‘தவிர்க்கிறேன்’ இரண்டே. சத்தத்தை மட்டும் நிறுத்த வழியில்லை.

சரி, பிரித்துவிடலாம் என்று ‘சத்தம் நிறுத்து’ என்ற தனிப் பொத்தானோடு மாதிரித் திரை செய்து, வேறு 5 பேரிடம் கொடுத்தோம். மூவர் அதைக் கவனிக்கவே இல்லை. அழைப்பு வந்தால் செய்வதுபோல ஃபோனின் பக்கவாட்டு விசையை அழுத்தினார்கள். அந்தப் பழக்கத்தையே எடுத்துக்கொண்டோம்: விசையை அழுத்தினால் சத்தம் நிற்கும், பத்து நிமிடத்தில் மறுபடி அடிக்கும். அடுத்த சுற்றில் புதிய 5 பேரும் தடுமாறவில்லை.

மருந்து எடுத்துக்கொடுக்கும் ஒரு மகளுக்குக் ‘கடைசியாக எப்போது போட்டார்’ என்று தெரியாததுதான் பெரிய பயம். இரண்டு முறை போட்டுவிட்டால்? அந்த நேரம் இப்போது முகப்பிலேயே பெரிய எழுத்தில் தெரிகிறது. ‘எடுத்துவிட்டேன்’ மேல் கை தவறிப் பட்டால் திருத்தவும் முடியும்.

குடும்ப அறிக்கையை நிறுத்தச் சொன்னதுதான் கடினமான கூட்டம். அதற்காக உழைத்தவர்கள் எதிரே இருந்தார்கள். ஸ்லைடுகளை விட்டுவிட்டு, அந்த அம்மாவின் அனுமதியோடு எடுத்த 40 நொடி வீடியோவைக் காட்டினேன். அப்புறம் மாத்திரை எண்ணிக்கையைப் பதிவுகளோடு பக்கத்தில் வைத்தேன். நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

வெளியிட்டபின் ‘எடுத்துவிட்டேன்’ பதிவுகள் குறைந்தன. குறையும் என்று முன்பே சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை. மீண்டும் மாத்திரை எண்ணி, பதிவோடு ஒத்துப்போன பிறகே அறிக்கையைப் பற்றிப் பேசுவதாக முடிவு.